ஊரில் விட்டுவந்த பிஎஃப் பென்ஷன்: பத்து வருஷக் கணக்கு

ஷார்ஜாவுக்கு வந்து இறங்கும் நம்ம ஊர்ப் பையன்கள் முதல் மாதத்திலேயே கேட்பது ஒன்று: "அண்ணாச்சி, ஊர்ல பிஎஃப் பணம் கிடக்கு, எடுத்துரலாமா?" எடுக்கலாம். ஆனால் அதில் இரண்டு பை உண்டு. ஒன்று பிஎஃப் சேமிப்பு. இன்னொன்று பென்ஷன் பை. முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் இந்த இரண்டாவது பைக்குத்தான் போகிறது. சேமிப்பை எடுப்பதால் பென்ஷன் சர்வீஸ் அழியாது. படிவம் 10சி போட்டுப் பென்ஷன் பணத்தையும் வாங்கினால்தான் அழியும். கம்ப்யூட்டர் சென்டர் தம்பி இரண்டையும் ஒரே மூச்சில் போட்டுவிடுவார். அங்கேதான் கவனம் வேண்டும்.

மாதப் பென்ஷனுக்குத் தகுதி பத்து வருஷ சர்வீஸ். ஆறு மாதமும் அதற்கு மேலும் வந்தால் ஒரு வருஷமாகச் சேர்ப்பார்கள்; ஆகவே ஒன்பதரை வருஷம் இருந்தாலே பத்து. இதைப் பலர் அறிவதில்லை.

கல்லிடைக்குறிச்சிப் பையன் ஒருவன் என் அறைக்கு வந்திருந்தான். கங்கைகொண்டான் பக்கம் ஒரு கம்பெனியில் 7 வருஷம், தூத்துக்குடியில் இன்னொன்றில் 2 வருஷம் 7 மாதம். இரண்டு இடத்திலும் பிஎஃப் பிடித்த சம்பளம் 14,000 என்று வைத்துக்கொள்வோம். "ரெண்டுமே பத்துக்குக் கீழதான, எடுத்துர வேண்டியதுதானே" என்றான். தனித்தனியாகப் பார்த்தால் அப்படித்தான். ஏழு வருஷத்துக்குப் பென்ஷன் திட்டத்தின் அட்டவணை தரும் மடங்கு 7.13. 14,000-ஆல் பெருக்கினால் 99,820 ரூபாய். மற்றதற்கு ஏறத்தாழ 36,000. மொத்தம் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் வரும்.

சேர்த்துப் பார்த்தால் 9 வருஷம் 7 மாதம், அதாவது பத்து. சம்பளத்தைச் சர்வீஸால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 58 வயதில் மாதம் 2,000 ரூபாய், ஆயுள் முழுக்க. கிட்டத்தட்ட ஆறு வருஷப் பென்ஷனில் எடுத்த பணத்தை ஈடுகட்டிவிடும். ஆனால் அவனுக்கு வயது 31; அந்த 2,000 விலைவாசியோடு ஏறாது. அதனால் எல்லோரும் விட்டுவைக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். மூன்று நான்கு வருஷம் மட்டும் வேலை பார்த்து, இனி ஊரில் சம்பள வேலைக்கே திரும்புவதில்லை என்று உறுதியாக இருப்பவர் எடுப்பதில் தப்பில்லை. ஏழெட்டு வருஷத்தைக் கரைப்பதுதான் எனக்கு மனசு வராத காரியம். இடையில் ஒரு வழி உண்டு: அதே 10சி-யில் பணத்துக்குப் பதில் திட்டச் சான்றிதழ் கேட்கலாம். நாளைக்கு ஊருக்குப் போய் மறுபடி பிஎஃப் உள்ள வேலையில் சேர்ந்தால், பழைய சர்வீஸ் அதோடு கூடும். பத்து தாண்டியவருக்குச் சான்றிதழ் மட்டும்தான், பணம் கிடையாது.

இந்தப் பையனுக்கு ஒரு சிக்கல் இருந்தது. இரண்டு கணக்கும் சேரவில்லை. பிஎஃப் உறுப்பினர் போர்ட்டலில் `Service History` திறந்தால் இரண்டு வரி வரும். `One Member - One EPF Account (Transfer Request)` வழியாகப் பழையதைப் புதியதோடு இணைத்தால்தான் கூட்டுத்தொகை நிற்கும். சம்பளமில்லாத விடுப்பு நாட்களையும் பார்க்க வேண்டும், அவை சர்வீஸில் கழியும். இரண்டு மாதம் அப்படிப் போயிருந்தால் இவனுடைய 9 வருஷம் 7 மாதம், 9 வருஷம் 5 மாதமாகிவிடும். பிறகு அது ஒன்பதுதான்.

எடுப்பது என்றே முடிவானாலும் அவசரம் நடக்காது. முன்பு வேலை விட்டு இரண்டு மாதம் காத்தால் போதும். பென்ஷன் பணத்துக்கு அதை 36 மாதமாக்க 2025 அக்டோபரில் பிஎஃப் மத்திய வாரியம் முடிவெடுத்தது. மனுப் போடும் முன் அப்போதைய விதியைத் திருநெல்வேலி பிஎஃப் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நல்ல மாற்றமும் உண்டு: 2024 ஜூன் முதல் முழு வருஷம் மட்டுமில்லாமல் முடித்த மாதங்களுக்கும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள், ஆறு மாதத்துக்கும் குறைவாக வேலை பார்த்தவருக்கும் கொடுக்கிறார்கள்.

இங்கே பார்க்கும் வருஷங்கள் அந்தப் பத்தில் சேருமா என்றும் கேட்பார்கள். சேராது. ஜெர்மனி, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளோடு இந்தியாவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருப்பதால், அங்கே போனவர்களுக்குத் தகுதியைக் கணக்கிட இரு நாட்டுக் காலத்தையும் சேர்த்துப் பார்க்க வழி உண்டு. அமீரகத்துக்கு அப்படி இல்லை.

அப்புறம், எல்லாவற்றுக்கும் முன்னால் ஆதாரோடு இணைத்த இந்திய சிம்மை உயிரோடு வைத்திருங்கள். ஓடிபி அதற்குத்தான் வரும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு எண் வேறு ஒருவருக்குப் போய்விட்டால், அதை மாற்றவே லீவு போட்டு ஊருக்குப் போக வேண்டியும் வரலாம்.