ஐந்து கட்டத்தை எடுத்துவிட்டுக் கோடு போட்டால் போதுமா? மாணவர் மனப்பான்மை ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைக் கல்லூரிகளில் சமூகப்பணி, கல்வியியல், உளவியல் படிப்பவர்கள் ப்ராஜெக்ட்டுக்காகத் தயாரிக்கும் வினாநிரல்களில் ஒரு பொதுவான அமைப்பைப் பார்க்கலாம். இருபது வாக்கியங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’ முதல் ‘முழுமையாக மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டங்கள் இருக்கும். 1932-இல் ரென்சிஸ் லிக்கர்ட் வகுத்துக் கொடுத்த முறை இது. ‘வேறு அளவுகோலும் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்’ என்று கைடு சொன்னால், பலரும் கட்டங்களை எடுத்துவிட்டு ஒரு கோட்டையோ எதிர்ச்சொல் ஜோடிகளையோ வைக்கிறார்கள். ஆனால் கணக்குப் போடும் விதத்தை மட்டும் பழையபடியே வைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான தவறுகளுக்கு இதுதான் காரணம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். வணிகவியல், சமூகவியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் தாள்மேல் என்ன மனப்பான்மை இருக்கிறது என்று அளக்க வேண்டும்.

ஒப்புதல் கேட்கும் வாக்கியங்களில் நடப்பது

‘புள்ளியியல் வகுப்பு மிக வேகமாகப் போகிறது’ என்ற வாக்கியத்தை ஒரு மாணவி மறுக்கிறாள். அவளுக்கு வேகம் சரியாக இருக்கிறது என்று பொருளா, வகுப்பு ஆமை வேகத்தில் நகர்கிறது என்று பொருளா? இரண்டும் இருக்கலாம். ‘புள்ளியியல் ஓரளவு கடினம்’ என்ற வாக்கியம் இன்னும் மோசம். எளிது என்று நினைப்பவர் மறுப்பார், படுகடினம் என்று நினைப்பவரும் ‘ஓரளவா?’ என்று மறுப்பார். எதிரெதிர் முனையில் இருக்கும் இருவருக்கும் ஒரே எண் விழுகிறது.

இன்னொரு சிக்கல், எதைச் சொன்னாலும் ‘ஆமாம்’ போடும் போக்கு. 1970-களில் அமெரிக்காவில் ஹோவர்ட் ஷூமனும் ஸ்டான்லி பிரெசரும் நடத்திய சோதனை இதற்கு நல்ல சான்று. குற்றங்களுக்குச் சமூகச் சூழலைவிடத் தனிமனிதர்களே காரணம் என்ற வாக்கியத்தைச் சுமார் 60 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். அதையே திருப்பிப்போட்டு, தனிமனிதர்களைவிடச் சமூகச் சூழலே காரணம் என்று வேறொரு குழுவிடம் கேட்டபோது, அதையும் சுமார் 57 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். இரண்டில் எது என்று நேராகக் கேட்ட குழுவில் தனிமனிதர்கள் பக்கம் நின்றவர்கள் சுமார் 46 சதவீதம்தான். நம் வகுப்பறையில், பாடம் எடுக்கும் பேராசிரியரே தாளை விநியோகித்து அங்கேயே திரும்ப வாங்கும்போது, இந்தப் போக்கு குறையும் என்று எதிர்பார்க்க முடியாது.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து, பாதி வாக்கியங்களை எதிர்மறையாக எழுதுவது. அது குழுவின் சராசரியை ஓரளவு சரிசெய்யும், தனிநபரைச் சரிசெய்யாது. இருபதுக்கும் ‘ஆமாம்’ போட்டவருக்கு நேர்மறையான பத்து வாக்கியங்களுக்கு ஆளுக்கு 5 என்றும், திருப்பிக் கணக்கிடும் பத்து வாக்கியங்களுக்குத் தலா 1 என்றும் விழும். சராசரி 3. நடுநிலையாளர் என்று எழுதிவிடுவோம். உண்மையில் அவர் படிக்காமலே டிக் அடித்திருக்கலாம். அதனால் திருப்பிக் கணக்கிடுவதற்கு முன்பே, மூல விடைகளில் ஒரே நெடுவரிசையில் ஓடும் தாள்களைத் தனியே குறித்து வையுங்கள்.

பல வாக்கியங்களுக்கு வேறு அளவுகோலே தேவைப்படாது. ‘வகுப்பின் வேகம் எப்படி இருக்கிறது?’ என்று கேட்டு, ‘மிக மெதுவு’ முதல் ‘மிக வேகம்’ வரை ஐந்து விடைகள் கொடுத்தாலே மேலே சொன்ன குழப்பம் தீர்ந்துவிடும். என் பார்வையில் முதலில் செய்ய வேண்டிய மாற்றம் இதுதான்.

எதிர்ச்சொல் ஜோடிகளை எல்லாம் கூட்டிவிடுவது

செமாண்டிக் டிஃபரன்ஷியல் என்பது சார்ல்ஸ் ஆஸ்குட், ஜார்ஜ் சூசி, பெர்சி டேனன்பாம் மூவரும் 1957-இல் நூலாக வெளியிட்ட முறை. ‘புள்ளியியல்’ என்று மேலே எழுதி, கீழே பயனுள்ளது–பயனற்றது, இனிமையானது–சலிப்பானது, கனமானது–லேசானது என ஜோடிகளை வைத்து, நடுவே ஏழு இடங்கள் கொடுப்பார்கள். வாக்கியமே இல்லாததால் ஒப்புக்கொள்வதற்கு எதுவும் இல்லை. அது பெரிய நன்மை.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, எல்லா ஜோடிகளையும் கூட்டி ‘மொத்த மனப்பான்மை மதிப்பெண்’ எடுப்பது. ஆஸ்குட் குழுவினர் கண்டது, இந்த ஜோடிகள் பெரும்பாலும் மூன்று கொத்துகளாகப் பிரிகின்றன என்பது. நல்லது–கெட்டது என்ற மதிப்பீடு ஒன்று, வலிமை ஒன்று, இயக்கம் ஒன்று. மனப்பான்மைக்கு நெருக்கமானது மதிப்பீட்டுக் கொத்துதான். ‘கனமானது’ என்பது வலிமையைச் சேர்ந்தது. புள்ளியியல் கனமானது என்று சொல்லும் மாணவருக்கு அதனாலேயே அது பிடித்திருக்கலாம். ‘கடினம்–எளிது’ ஜோடியும் அப்படித்தான். கடினம் ஒரு குறை என்று நீங்கள் முடிவுசெய்து குறைந்த மதிப்பெண் கொடுத்தால், சவாலை விரும்பும் மாணவரைப் புள்ளியியல் பிடிக்காதவராக மாற்றிவிடுகிறீர்கள்.

ஒரு ஜோடி மதிப்பீட்டுக் கொத்தில் சேர்கிறதா என்று கண்டுபிடிப்பது சுலபம். முப்பது நாற்பது பேரிடம் முன்னோட்டம் நடத்தி, ஒவ்வொரு ஜோடிக்கும் ‘நல்லது–கெட்டது’ ஜோடிக்கும் உள்ள ஒட்டுறவைப் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அந்த ஜோடி மனப்பான்மைக் கூட்டலில் சேரக்கூடாது.

நடு இடமான 4-ஐயும் நம்பிவிட வேண்டாம். ‘இரண்டும் இல்லை’, ‘சில நாள் இப்படி, சில நாள் அப்படி’, ‘இந்தக் கேள்வியே புள்ளியியலுக்குப் பொருந்தாது’ மூன்றும் அங்கேதான் விழும். ஒரு ஜோடிக்கு மட்டும் 4 குவிந்திருந்தால், பத்துப் பேரைக் கூப்பிட்டு ஏன் அப்படிப் போட்டார்கள் என்று கேளுங்கள். ‘சூடானது–குளிர்ந்தது’ மாதிரி ஜோடிகளில் விடை பெரும்பாலும் மூன்றாவது வகையாக இருக்கும்.

நூறு மில்லிமீட்டர் கோடு

விஷுவல் அனலாக் ஸ்கேல் என்றால் இரண்டு முனைகளில் மட்டும் சொல் எழுதிய ஒரு கோடு. மாணவர் அதில் ஓரிடத்தில் குறியிடுவார், நாம் ஸ்கேல் வைத்து அளப்போம். வழக்கமான நீளம் 100 மி.மீ. பிரிண்ட் எடுக்கும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற வசதி ஆன் ஆகியிருந்தால் கோடு 96 மி.மீ. ஆகிவிடலாம். அப்போது கடைசி முனையில் குறியிட்டவருக்கும் 96 தான். ஜெராக்ஸ் பல கடைகளில் எடுத்திருந்தால் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நீளம். எனவே ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு தாளை எடுத்துக் கோட்டின் முழு நீளத்தை அளந்து, குறியின் தூரத்தை அதனால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும்.

போனில் நிரப்பச் சொன்னால் வேறு தொல்லை. பல ஸ்லைடர்கள் தொடக்கத்திலேயே நடுவில் நிற்கும். தொடாமல் விட்டவருக்கும் 50, யோசித்து நடுவில் வைத்தவருக்கும் 50. முதலில் தொட்டால்தான் குறி தோன்றும்படி அமைத்து, தொடாததை விடையில்லை என்று பதிவு செய்ய வேண்டும். கூகுள் ஃபார்மில் இருக்கும் நேர்கோட்டு அளவுகோல் இந்த வகையே அல்ல. அது எண் போட்ட வட்டங்களின் வரிசைதான்.

63-க்கும் 67-க்கும் வித்தியாசம் இருப்பதாக எழுதுவது கடைசித் தவறு. அதே கோட்டை வினாநிரலின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒருமுறை வையுங்கள். ஒரே ஆள் சராசரியாக 8 மி.மீ. தள்ளிக் குறிக்கிறார் என்றால், தனிநபர் அளவில் 4 மி.மீ. வித்தியாசத்துக்குப் பொருளில்லை. செமஸ்டர் தொடக்கத்திலும் முடிவிலும் அதே மாணவரிடம் வரும் மாற்றத்தைப் பார்க்கத்தான் இந்தக் கோடு எனக்குப் பிடிக்கும்.

இரண்டில் ஒன்று

ஃபோர்ஸ்டு சாய்ஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருட்கள் உலவுகின்றன. ஒரே விஷயத்தின் இரு பக்கங்களை வைத்து ‘எது உங்கள் கருத்துக்கு நெருக்கம்?’ என்று கேட்பது ஒன்று. ஷூமன், பிரெசர் கேட்டது அப்படி. இதில் மாணவர்களை ஒருவரோடொருவர் ஒப்பிடலாம்.

மற்றது, வெவ்வேறு கூறுகளை மோதவிடுவது. புள்ளியியலில் ஆர்வம், பயன், எளிமை, தன்னம்பிக்கை என நான்கு கூறுகள். அவற்றை இரண்டிரண்டாக எடுத்தால் ஆறு ஜோடிகள் கிடைக்கும். ‘புள்ளியியலில் எனக்கு ஆர்வம் இருக்கிறது’, ‘புள்ளியியல் எனக்குப் பயன்படும்’ என்ற இரண்டில் தனக்கு அதிகம் பொருந்துவதை மாணவர் தேர்ந்தெடுப்பார். ஒருவருக்கு நான்குமே நன்றாகப் பொருந்தும். பயன் 3, ஆர்வம் 2, தன்னம்பிக்கை 1, எளிமை 0 என்று வருகிறது. இன்னொருவருக்கு எதுவுமே பெரிதாகப் பொருந்தாது, இருந்தாலும் அதே வரிசையில்தான் தேர்ந்தெடுக்கிறார். அவருக்கும் 3, 2, 1, 0. எல்லோருடைய கூட்டுத்தொகையும் 6. புள்ளியியலை நேசிப்பவரும் வெறுப்பவரும் தாளில் ஒன்றாகிவிடுகிறார்கள்.

இந்த எண்களை வைத்து ‘பெண்களுக்கு ஆர்வம் அதிகம்’ என்று டி-சோதனை செய்வது தவறு. தெரிவதெல்லாம் மற்ற மூன்றோடு ஒப்பிட்டால் அவர்களுக்குள் ஆர்வம் எவ்வளவு முன்னே நிற்கிறது என்பதுதான். கூறுகளுக்கிடையே ஒட்டுறவு பார்த்தாலும் வம்புதான். ஒன்று கூடினால் மற்றது குறைந்தே ஆக வேண்டும் என்பதால், நான்கு கூறுகளின் சிதறல் சமமாக இருந்தால் சராசரி ஒட்டுறவு மைனஸ் மூன்றில் ஒரு பங்காகவே வரும். அதற்கும் மாணவர்களின் மனத்துக்கும் தொடர்பில்லை. கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு இசைந்துபோகின்றன என்று காட்டும் க்ரோன்பாக் ஆல்ஃபாவையும் இங்கே வழக்கம்போல் படிக்க முடியாது. இப்படிப்பட்ட தரவுக்கென்று 2011-இல் அன்னா பிரவுனும் ஆல்பர்ட்டோ மைதேயு-ஒலிவாரஸும் முன்வைத்த ஒரு கணக்கீட்டு முறை இருக்கிறது. ஆனால் அதற்கு நிறைய ஜோடிகளும் பெரிய மாதிரிக்கூறும் வேண்டும். எம்.ஏ. ப்ராஜெக்ட்டுக்கு, ஒரு மாணவருக்குள் எது முந்துகிறது என்ற கேள்வியோடு நின்றுகொள்வது நேர்மையானது.

ஒப்பிடும் இடத்தில்

நான்கு முறைகளையும் ஒப்பிடும்போது, ஐந்துக்கு 3.8 என்பதை 76 சதவீதம் என்று மாற்றி எழுதுகிறார்கள். அந்த அளவுகோல் 1-இல் தொடங்குகிறது. அப்படி மாற்றினால் நடுவிலிருக்கும் 3 கூட 60 ஆகிவிடும். ஒன்றைக் கழித்து நான்கால் வகுத்தால் 70 வரும். சரி, 70 என்றே வைத்துக்கொண்டாலும், கோட்டில் வந்த 58-ஐ அதன் பக்கத்தில் வைத்து ‘மனப்பான்மை குறைந்திருக்கிறது’ என்று சொல்ல முடியாது. முனைகளில் எழுதிய சொற்களே வேறு வேறு.

காலை ஷிப்ட்டுக்கு ஐந்து கட்டம், மதிய ஷிப்ட்டுக்குக் கோடு என்று பிரித்துக் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். சென்னையின் பல கல்லூரிகளில் காலை ஷிப்ட் உதவிபெறும் பிரிவு, மதிய ஷிப்ட் சுயநிதிப் பிரிவு. கட்டணமும் ஆசிரியர்களும் மாணவர்களின் பின்னணியும் வேறுபடலாம், பிறகு வித்தியாசம் அளவுகோலால் வந்ததா ஷிப்ட்டால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. எல்லா வடிவங்களையும் சீட்டுக்கட்டுபோல் கலந்து, ஒவ்வொரு வகுப்பிலும் வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போங்கள்.

ஒப்பிட வேண்டியது சராசரிகளை அல்ல. இரண்டு வாரம் கழித்து அதே மாணவரிடம் அதே விடை வருகிறதா, எத்தனை பேர் வெற்றாக விட்டார்கள், அப்புறம் அடுத்த செமஸ்டரில் புள்ளியியல் சார்ந்த விருப்பப் பாடத்தை எடுத்தவர்களை எந்த வடிவம் மற்றவர்களிடமிருந்து நன்றாகப் பிரித்துக் காட்டுகிறது என்று பாருங்கள். அதற்கு மாணவரின் விடையைப் பின்னால் அவருடைய தேர்வோடு இணைக்க வேண்டியிருக்கும். பதிவெண்ணுக்குப் பதில் அவரே உருவாக்கும் ரகசியக் குறியீட்டை முதல் தாளிலேயே வாங்கி, இரண்டு வாரம் கழித்தும் அடுத்த செமஸ்டரிலும் கொடுக்கும் தாள்களில் அதையே எழுதச் சொல்லிவிட வேண்டும்.