வாடகையா, சொந்த வீடா: 20 ஆண்டுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடு வாங்குவதா, வாடகையிலேயே இருப்பதா என்று முடிவு செய்யும் முன் பலர் தங்கள் கணக்கை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். கூட்டல் பிழையையோ வட்டியைத் தவறாகக் குறித்ததையோ பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவை யார் பார்த்தாலும் பிடிபட்டுவிடும். கணக்கு ஒழுங்காகத் தெரிந்து, முடிவு மட்டும் தவறாகப் போகும் இடங்களைத்தான் சொல்லப் போகிறேன்.

தவணையை வாடகையோடு நேராக ஒப்பிடுவது

இந்த ஒன்றைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதனால் போகும் பணம் மிக அதிகம்.

ஒரு இளம் தம்பதி வந்திருந்தார்கள். தாளில் இரண்டே வரி: மாத வாடகை, மாதத் தவணை. "சார், வாடகை கொடுத்தால் 20 வருஷத்தில் அத்தனையும் போய்விடும். தவணை கட்டினால் வீடாவது மிஞ்சும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றார் கணவர். அவர்களுக்கு முன் வந்துபோன ஒருவர் இதையே தலைகீழாகப் போட்டிருந்தார். வீட்டுக்குப் போகும் மொத்தப் பணம் வாடகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது, அதனால் வாடகைதான் லாபம் என்பது அவர் கட்சி.

இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் வழுக்கினார்கள். வாங்குபவர், வாடகைக்கு இருப்பவர் இருவரின் கையிலிருந்தும் ஒவ்வொரு ஆண்டும் ஒரே அளவு பணம் வெளியே போக வேண்டும். வாடகைக்கு இருப்பவருக்குச் செலவு குறைவாக இருந்தால், அந்த மிச்சத்தை அவர் முதலீட்டில் போட வேண்டும். அப்புறம் 20-ஆம் ஆண்டு முடிவில் யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் அது ஒப்பீடே இல்லை.

வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 20. பதிவு, வரி, தரகு எல்லாம் சேர்த்து 7. மீதி 80-க்கு 8 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடன். தவணை ஆண்டுக்கு ஏறக்குறைய 8 வரும். பராமரிப்பும் வீட்டு வரியும் முதல் ஆண்டில் 1, அது ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது. வீட்டின் விலையும் அதே 5 சதவீதம் ஏறுவதாகக் கொள்வோம். 20 ஆண்டு கழித்து வீடு 265 ஆகியிருக்கும். விற்கும் செலவு 3 சதவீதம் போக, கையில் நிற்பது 257.

இப்போது வாடகைக்காரர். அதே வீட்டுக்கு முதல் ஆண்டு வாடகை 3, அதுவும் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது. வாங்குபவர் முதல் நாளே கொடுத்த 27 இவரிடம் அப்படியே இருக்கிறது. முதல் ஆண்டில் இன்னொரு 6-ம் மிஞ்சும். வாடகை ஏற ஏற அந்த மிச்சம் குறைந்து, கடைசி ஆண்டில் 3-க்கு வந்துவிடும். வரி போக 7 சதவீதம் தரும் முதலீட்டில் அவ்வளவையும் போட்டால், 20 ஆண்டு முடிவில் இவரிடம் 312 இருக்கும். சொந்த வீட்டுக்காரரைவிட 55 அதிகம்.

வாடகையை மட்டும் 3-லிருந்து 4 ஆக்கிப் பாருங்கள். 312 என்பது 251 ஆகிறது, இருவரும் கிட்டத்தட்ட சமம். வாடகை 5 என்றால் 190 தான், வாங்கியவர் நன்றாக முந்திவிடுகிறார். வட்டி, வளர்ச்சி எதையும் நாம் தொடவில்லை. முடிவைப் புரட்டிப் போட்டது வீட்டின் விலையில் ஆண்டு வாடகை எத்தனை சதவீதம் என்ற ஒரே எண்தான். அந்தத் தம்பதியின் தாளில் அந்த எண் இல்லவே இல்லை. போட்டுப் பார்த்தோம், 3-க்கும் கீழே வந்தது. அந்த மனைவிதான் முதலில் கேட்டார்: "அப்படியென்றால் இந்த வீட்டை நாங்கள் அதிக விலைக்கு வாங்கப் போகிறோமா சார்?" ஆமாம், அதுதான் சரியான கேள்வி. வாங்க நினைக்கும் வீட்டைப் போன்ற ஒன்று பக்கத்தில் என்ன வாடகைக்குப் போகிறது என்று விசாரிக்காமல் யாரும் கணக்கைத் தொடங்கக் கூடாது. சொந்த வீடு மூன்று அறை, வாடகை வீடு இரண்டு அறை என்று ஒப்பிட்டால் இந்த விகிதமும் பொய்யாகிவிடும்.

மிச்சம் தானாகச் சேர்ந்துவிடும் என்று நம்புவது

மேலே சொன்ன 312-க்கு ஒரு நிபந்தனை உண்டு: மிச்சம் முழுவதும் ஒவ்வொரு ஆண்டும் தவறாமல் முதலீட்டுக்குப் போக வேண்டும். ஆண்டு மிச்சத்தில் பாதியைச் செலவு செய்துவிட்டால் வாடகைக்காரரிடம் 208 தான் இருக்கும். 55 முன்னால் நின்றவர் அதே வாடகையில் 49 பின்னால் போய்விடுகிறார். தவணை தவறினால் கடன் கொடுத்தவர் கேட்பார், முதலீடு தவறினால் கேட்க ஆளில்லை. பலருக்குச் சொந்த வீடு சாதகமாக முடிவதற்கு இதுவே காரணம். அதனால் கடந்த 3 ஆண்டில் உண்மையாகவே எவ்வளவு சேமித்தார்கள் என்று கேட்டு, அந்த அளவைத்தான் நான் கணக்கில் போடுகிறேன். இனிமேல் சேமிப்போம் என்ற எண்ணத்தைச் சேர்ப்பதில்லை.

வாடகை ஏறாது என்று போடுவது

3-ல் தொடங்கும் வாடகை 5 சதவீத ஏற்றத்தில் 20 ஆண்டுக்கு 60 அல்ல, 99.

பராமரிப்பை விட்டுவிடுவது

மேலே உள்ள கணக்கில் வீட்டு வரியோடு சேர்த்து அது மட்டுமே 20 ஆண்டுக்கு 33.

விலை ஏற்றத்துக்கு ஒரே எண்ணை நம்புவது

வீட்டு விலை 5-க்குப் பதில் 4 சதவீதம் ஏறினால் 265 என்பது 219 ஆகிறது. 6 என்றால் 321. ஒரு சதவீதம் இவ்வளவு தூரம் தள்ளுகிறது. அதை யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது. மூன்றையும் போட்டுப் பாருங்கள். மூன்றிலும் ஒரே பக்கம் வென்றால் தைரியமாக முடிவெடுக்கலாம். விலை ஏற்றத்தை மாற்றும்போது வாடகை ஏற்றத்தையும் கொஞ்சம் சேர்த்து மாற்ற வேண்டும். நீண்ட காலத்தில் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று வெகுதூரம் பிரிந்து போவது அரிது.

20 ஆண்டுக் கணக்குப் போட்டு 7-ஆம் ஆண்டில் விற்பது

வேலை மாறுகிறது, குடும்பம் பெருகுகிறது, வீட்டை விற்கிறார்கள். முதல் 7 ஆண்டில் கட்டிய தவணை 56. அதில் அசலுக்குப் போனது 15 தான், மற்றதெல்லாம் வட்டி. வாடகை 4 என்ற நிலையை எடுத்துக்கொள்வோம், 20 ஆண்டில் இருவரும் சமம் என்று பார்த்தோமே அது. 7-ஆம் ஆண்டில் விற்றால் கடனும் விற்கும் செலவும் போக வாங்கியவரிடம் 72 நிற்கும், வாடகைக்காரரிடம் 83. வாங்கும்போதும் விற்கும்போதும் ஆகும் செலவைப் பரப்பிக்கொள்ள ஆண்டுகள் போதாததும் இதற்கு ஒரு காரணம். எத்தனை ஆண்டு இருப்போம் என்பதில் சந்தேகம் இருந்தால் 7, 12, 20 என்று மூன்று இடத்தில் கணக்கை நிறுத்திப் பாருங்கள்.

21-ஆம் ஆண்டில் வாடகைக்காரர் தெருவில் நிற்பார் என்று முடிவு கட்டுவது

இந்தப் பயத்துக்கும் எண் இருக்கிறது. அதே வீட்டை அன்றைக்கு வாங்க, பதிவுச் செலவோடு சேர்த்து 284 வேண்டும். வாடகை 3 என்ற நிலையில் முழுவதும் முதலீடு செய்தவரிடம் 312 இருக்கிறது. கடன் இல்லாமல் வாங்கி, 28 மீதியும் வைத்துக்கொள்வார். வாடகை 4 என்றால் அவரிடம் 251 தான், 33 குறையும். அப்போது அவர் சின்ன வீட்டுக்குப் போக வேண்டும், அல்லது ஆண்டுக்கு 10-க்கு மேல் போய்விட்ட வாடகையைத் தொடர்ந்து கட்ட வேண்டும். சொந்த வீட்டுக்காரருக்கு அந்த ஆண்டுச் செலவு 3-க்கும் குறைவு.