சர்க்கரை நோயாளியின் பாதத்தை வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

"ராத்திரியானா பாதம் எரியுது, அப்போ உணர்ச்சி நல்லாத்தானே இருக்கு?" பல வீடுகளில் இப்படித்தான் நினைக்கிறார்கள். எரிச்சல், ஊசி குத்துவது போன்ற வலி, பஞ்சுமேல் நடப்பது போன்ற உணர்வு எல்லாமே நரம்பு கெட்டுப்போவதன் அறிகுறிகள். எரியும் அதே பாதத்தில் முள் ஏறினால் தெரியாமல் போகலாம். அதனால் எரிகிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு, தொட்டால் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் தொடு சோதனை

இதற்குக் கருவி வேண்டாம், உங்கள் ஆள்காட்டி விரல் போதும். இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவான முறை இது. உடலிலேயே நீளமான நரம்புகள் கால்விரல் நுனிவரை போகின்றன. பாதிப்பும் அங்கேதான் தொடங்கும். அதனால்தான் விரல் நுனிகளைத் தொடுகிறோம்.

அம்மாவையோ அப்பாவையோ கட்டிலில் காலை நீட்டிப் படுக்கச் சொல்லுங்கள். செருப்பு, சாக்ஸ் எதுவும் இருக்கக் கூடாது. வலது காலைத் தொட்டு "இது வலது", இடது காலைத் தொட்டு "இது இடது" என்று சொல்லிவிடுங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி, தொடுவது தெரிந்ததும் எந்தக் கால் என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

வலது கட்டைவிரல், வலது சுண்டுவிரல், இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல் என்ற வரிசையில் ஒவ்வொரு நுனியையும் ஒன்றிரண்டு நொடி மெதுவாகத் தொடுங்கள். இறகு படுவது போல இருந்தால் போதும்.

தவறு நடப்பது இங்கேதான். பதில் வரவில்லையே என்று விரலை அழுத்துவார்கள், தடவுவார்கள், தட்டுவார்கள், இரண்டாவது முறை தொடுவார்கள். அழுத்தம் வேறு நரம்புகள் வழியாகவும் தெரியும் என்பதால், கெட்டுப்போன காலும் நல்ல கால் போலத் தோன்றிவிடும். ஒரு விரலுக்கு ஒரே ஒரு முறைதான். "இப்போ தெரியுதா?" என்று கேட்கவும் கூடாது, கேட்டாலே "ஆமா" என்று சொல்லிவிடுவார்கள்.

ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை மருத்துவரிடம் சொன்னால், 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை வைத்தோ, அதிர்வைக் காட்டும் பயோதீசியோமீட்டர் கருவியிலோ உறுதி செய்வார். எல்லா விரலும் தெரிந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பரிசோதனை வேண்டும். வீட்டில் இதை மாதம் ஒருமுறை செய்தால் போதும்.

தினமும் இரவில் பார்க்க வேண்டியவை

உணர்ச்சி குறைந்தவருக்குத் தினமும் இதைச் செய்யுங்கள். பாதத்தைக் கழுவித் துடைத்த பிறகு, மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். நான்காவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே விரித்துப் பார்க்க மறக்காதீர்கள். வெள்ளையாக ஊறிய சேற்றுப்புண் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும், கிருமி உள்ளே போகும் வாசலும் அதுதான். மெட்டி போடுபவர்களுக்கு அதை நகர்த்தி அடியில் பாருங்கள். விரல் வீங்கி மெட்டி இறுகினால் உடனே கழற்றிவிட வேண்டும். தரையில் சம்மணம் போட்டு உட்காருபவர்களுக்கு வெளிக் கணுக்காலில் தோல் காய்த்திருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

அடிப்பாதத்தில் கட்டைவிரல் மேட்டைத் தடவிப் பாருங்கள். அங்கே காய்ப்பு இருந்து, அதன் நடுவில் கருஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தால் அது அழுக்கல்ல. காய்ப்புக்கு அடியில் ரத்தம் கசிந்திருக்கிறது, அதாவது உள்ளே புண் தயாராகிக்கொண்டிருக்கிறது. பிளேடால் சீவுவது, கால் ஆணி பிளாஸ்திரி ஒட்டுவது இரண்டும் ஆபத்து. அந்தப் பிளாஸ்திரியில் உள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும், அந்த எரிச்சல் நோயாளிக்குத் தெரியாது. காய்ப்பைப் பாத மருத்துவம் தெரிந்தவர்தான் நீக்க வேண்டும்.

அடுத்து, செருப்பைக் கழற்றிப் பத்து நிமிடம் ஆன பிறகு, உங்கள் புறங்கையை இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடாக இருந்தால் கவனம் தேவை. வீட்டில் தோலின் வெப்பத்தைக் காட்டும் கருவி இருந்தால், இரண்டு பாதத்துக்கும் 2.2 டிகிரி செல்சியசுக்கு மேல் வித்தியாசம் இரண்டு நாள் தொடர்ந்து இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். புண்ணே இல்லாமல் ஒரு பாதம் வீங்கிச் சூடாக இருந்தால் உள்ளே எலும்பு உடைந்துகொண்டிருக்கலாம், வலிகூட இருக்காது. அந்தக் காலை ஊன்ற விடாமல் அன்றே அழைத்துப் போங்கள்.

கிருமி புகுந்துவிட்டதா?

புண் இருக்கும் இடத்தில் ஐந்து விஷயங்களைப் பாருங்கள்: வீக்கம், புண்ணைச் சுற்றி அரை சென்டிமீட்டருக்கு மேல் சிவப்பு, சூடு, தொட்டால் வலி, சீழ். இதில் இரண்டு இருந்தாலே தொற்று என்றுதான் கொள்ள வேண்டும். நரம்பு கெட்டவருக்கு வலி தெரியாது, அதனால் மீதி நான்கைத்தான் நம்ப முடியும். நம் தோல் நிறத்தில் சிவப்பும் எளிதில் தெரியாது. மற்றக் காலோடு ஒப்பிடும்போது கருத்து, பளபளவென்று இறுகியிருந்தால் அதையே சிவப்பாக எண்ணிக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், பலருக்கு வருவதே இல்லை. மாத்திரையும் சாப்பாடும் மாறாமல் சர்க்கரை மட்டும் திடீரென்று ஏறுவது, தொடை இடுக்கில் நெறி கட்டுவது, சாக்ஸில் ஈரக்கறை, வாடை ஆகியவை அதற்கு முன்பே வரலாம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 60 வயது அம்மா ஒருவருக்குத் தொடு சோதனையில் வலது கட்டைவிரலும் இடது சுண்டுவிரலும் தெரியவில்லை, ஆறில் இரண்டு. வலது கட்டைவிரல் மேட்டுக் காய்ப்பில் கரும்புள்ளி இருக்கிறது, அன்று சூடோ வீக்கமோ இல்லை. இதை ஓரிரு நாளுக்குள் காட்ட வேண்டும், அதுவரை நடையைக் குறைக்க வேண்டும். காட்டாமல் விட்டு, மூன்றாம் நாள் காய்ப்பின் ஓரம் கசிகிறது. சுற்றியுள்ள தோலும் கருத்திருக்கிறது, அந்தக் கருமையின் விளிம்பைப் பேனாவால் கோடிட்டு வைக்கிறார்கள். மறுநாள் கருமை கோட்டைத் தாண்டிவிட்டது, இடம் சூடாக இருக்கிறது, 140 இருந்த வெறும் வயிற்றுச் சர்க்கரை 230. வலி துளியும் இல்லை. கருமை பரவியிருக்கிறது, சூடும் இருக்கிறது, ஐந்தில் இரண்டு ஆகிவிட்டது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை இது.

சிவப்பு இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, கோடாக மேலே ஏறினாலோ, நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, விரல் கறுத்தாலோ, சில்லிட்டு வெளுத்தாலோ அது அவசரம். இரவென்றாலும் காத்திருக்காதீர்கள்.

கிளம்பும் முன் புண்ணைச் சலைனாலோ காய்ச்சி ஆறவைத்த தண்ணீராலோ கழுவி, உலர்ந்த காஸ் துணியை வைத்து மூடுங்கள். பிளாஸ்திரியை விரலைச் சுற்றி இறுக்கமாக ஒட்ட வேண்டாம், ரத்த ஓட்டம் தடைபடும். மஞ்சளும் சுண்ணாம்பும் காப்பித்தூளும் பூசினால் மருத்துவர் புண்ணின் ஆழத்தையே பார்க்க முடியாது. வெந்நீரில் ஊறவைப்பதும் கூடாது, சூடு தெரியாத காலில் கொப்புளம்தான் மிஞ்சும்.

சர்க்கரை அளவு எழுதிய நோட்டையும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் போடும் செருப்பையும் ஒரு பையில் கொண்டுபோங்கள். அது எங்கே தேய்ந்திருக்கிறது, உள்ளே ஆணியோ கல்லோ துருத்துகிறதா என்று பார்த்தால்தான் அழுத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியும், எம்சிஆர் எனப்படும் மென்மையான ரப்பர் செருப்பு எந்த அளவில், எந்த இடத்தில் மெத்தென்று வேண்டும் என்பதையும் அதை வைத்தே சொல்வார்கள்.