வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு ஆன்லைன் தமிழ் வகுப்பு: நேரம், முன்பதிவு, கட்டணம், பெற்றோர்

2025 மார்ச் 15, சனிக்கிழமை மாலை ஆறரை மணி. திருச்சியில் என் மேசைமுன் லண்டன் குழந்தைகள் நால்வர் திரையில் உட்கார்ந்து ‘க, ங, ச’ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதே நிமிடம் நியூ ஜெர்சியிலிருந்து ஒரு அம்மா, “டீச்சர், உள்ளே விடுங்க, பசங்க வெயிட் பண்றாங்க” என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். அவர்கள் வகுப்பு ஏழரைக்குத்தானே என்று நான் நினைத்திருந்தேன். அவர்கள் ஊரில் சரியாகக் காலை ஒன்பது மணி. தவறு முழுக்க என்னுடையது. அன்று கற்றதிலிருந்தே இந்த விளக்கத்தைத் தொடங்குகிறேன், ஏனென்றால் புதிதாக வகுப்பு தொடங்குபவர்கள் முதலில் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

முதல் வேலை: நாட்டைக் கேட்காதீர்கள், ஊரைக் கேளுங்கள்

இந்தியாவில் கடிகாரத்தை நாம் மாற்றுவதில்லை. அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே இழுக்கிறார்கள். பிரிட்டனில் இது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். சிட்னியில் தலைகீழ்: அக்டோபரில் முன்னே, ஏப்ரலில் பின்னே. அதே ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் மாற்றுவதே இல்லை. சிங்கப்பூரிலும் மாற்றம் கிடையாது. அதனால்தான் ‘ஆஸ்திரேலியா’ என்ற பதில் உங்களுக்கு உதவாது. சேர்க்கைப் படிவத்தில் ஊர்ப் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

என் சிக்கலை இப்போது பிரித்துப் பார்க்கலாம். லண்டன் வகுப்பு அங்கே மதியம் 1 மணி, நியூ ஜெர்சி வகுப்பு அங்கே காலை 9 மணி. குளிர்காலத்தில் நமக்கு அவை மாலை 6.30, 7.30. கோடையில் 5.30, 6.30. இரண்டு காலத்திலும் மோதல் இல்லை. ஆனால் 2025இல் அமெரிக்கா மார்ச் 9 அன்றே மாறிவிட்டது, பிரிட்டன் மார்ச் 30 அன்றுதான் மாறியது. இடைப்பட்ட மார்ச் 15, 22, 29 ஆகிய மூன்று சனிக்கிழமைகளும் இரண்டு வகுப்பும் நமக்கு 6.30க்கே வந்து நின்றன. இலையுதிர் காலத்தில் நவம்பர் 1 அன்று இன்னொரு முறை.

தீர்வு எளிது. குளிர்கால நேரப்படி லண்டனுக்கும் நியூ ஜெர்சிக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். நான் லண்டன் வகுப்பை அங்கே மதியம் 12க்கு மாற்றினேன். இப்போது நமக்குக் குளிர்காலத்தில் 5.30, 7.30. அந்தக் குழப்பமான வாரங்களில் 5.30, 6.30. எந்த வாரமும் இடிப்பதில்லை.

காலண்டரில் பதிவது

வகுப்பு நேரம் எப்போதும் குழந்தையின் ஊர் நேரத்தில் நிலையாக இருக்க வேண்டும். நகர வேண்டியது நம் நேரம். அந்தக் குழந்தைக்கு ஒன்பது மணிக்குத் தமிழ், பதினொன்றுக்கு நீச்சல் என்று ஒரு வாழ்க்கை ஓடுகிறது, அதை நாம் ஆண்டுக்கு இருமுறை கலைக்கக் கூடாது.

கணினியில் கூகுள் காலண்டரைத் திறந்து புதிய நிகழ்வை உருவாக்குங்கள். நேரத்துக்கு அருகே `Time zone` என்று இருக்கும். அதை அழுத்தி `Eastern Time - New York` தேர்ந்தெடுத்து, காலை 9 மணி என்று போடுங்கள். பிறகு `Weekly on Saturday` என மீண்டும் நிகழும்படி அமைத்துச் சேமியுங்கள். அவ்வளவுதான், மார்ச்சிலும் நவம்பரிலும் காலண்டரே நகர்த்திக்கொள்ளும். இந்திய நேரத்தில் 7.30 என்று பதிந்தீர்களானால் அது நகராது. என் தவறு அதுவே.

சரியாகப் பதிந்தீர்களா என்று சோதிக்க, காலண்டரை ஜூலைக்குத் தள்ளிப் பாருங்கள். ஜனவரியில் 7.30இல் இருக்கும் வகுப்பு ஜூலையில் 6.30இல் தெரிய வேண்டும்.

முன்பதிவு

புதிதாக வருபவர்களுக்கு 20 நிமிட அறிமுக வகுப்பு வையுங்கள். காலண்டரிலேயே உள்ள `Appointment schedule` வசதியில் வாரத்துக்கு நான்கு இடம் திறந்துவைத்து இணைப்பை அனுப்பினால், பெற்றோர் தங்கள் ஊர் நேரத்தைப் பார்த்தே பதிந்துகொள்வார்கள். படிவத்தில் ஊர், வயது தவிர நான் கேட்கும் முக்கியமான கேள்வி: வீட்டில் தமிழில் பேசினால் குழந்தை எந்த மொழியில் பதில் சொல்கிறது? குழுவைப் பிரிக்க வயதைவிட இது உதவுகிறது. வீட்டுத் தமிழ் எந்த ஊர்த் தமிழ் என்றும் கேளுங்கள். லண்டனில் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் நிறைய. ‘கதிரை’ என்று சொல்லும் குழந்தையை ‘நாற்காலி’ என்று திருத்தினால் அதன் அப்பம்மாவையே திருத்துவதுபோல் ஆகிவிடும். இரண்டு சொல்லையும் பலகையில் எழுதிவிடுங்கள்.

கட்டணம்

மாதக் கட்டணம் வேண்டாம். சில மாதத்தில் ஐந்து சனிக்கிழமை வரும், கோடை விடுமுறையில் ஊருக்கு வந்துவிடுவார்கள், ஒவ்வொரு முறையும் கணக்குப் பேச வேண்டியிருக்கும். பத்து வகுப்பு ஒரு தொகுதி என்று வையுங்கள். வகுப்புக்கு 10 டாலர் என்றால் தொகுதிக்கு 100 டாலர், முன்கூட்டியே. சிறுசிறு தொகையாக வாங்கினால் பணம் அனுப்பும் செலவே தின்றுவிடும். வங்கிக்கு வங்கி அனுப்பும்போது நடுவிலுள்ள வங்கியும் பிடித்துக்கொள்ளலாம், ஆகவே முதல் தொகுதியில் எவ்வளவு கையில் வந்தது என்று பார்த்துவிட்டு வழியை முடிவு செய்யுங்கள்.

பணம் அனுப்பும்போது எதற்காக என்று கேட்கும். பெற்றோர் பழக்கத்தில் ‘குடும்பச் செலவு’ என்று போட்டுவிடுவார்கள். அப்படிப் போடச் சொல்லாதீர்கள். இது உங்கள் தொழில் வருமானம், வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டியது. கற்பித்தல் கட்டணம் என்றே இருக்கட்டும்.

விடுப்புக்கு ஒரே விதி: 24 மணி நேரம் முன்பு சொன்னால் அந்த வகுப்பு கணக்கில் சேராது, சொல்லாவிட்டால் சேரும். காய்ச்சலுக்கு மட்டும் நான் விதியைப் பார்ப்பதில்லை. எட்டாவது வகுப்பு முடிந்ததும் இப்படி எழுதுகிறேன்: “வணக்கம். இந்தத் தொகுதியில் இன்னும் இரண்டு வகுப்பு உள்ளது. தொடர விரும்பினால் அடுத்த தொகுதிக் கட்டணத்தை பத்தாவது வகுப்புக்குள் அனுப்பிவிடுங்கள்.” கேட்கக் கூச்சமாக இருக்கும். எண்ணிக்கையைச் சொல்லித் தொடங்கினால் அந்தக் கூச்சம் குறையும்.

பெற்றோரிடம் பேசுவது

அறிவிப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, அதில் நீங்கள் மட்டும் எழுதும்படி அமைத்துவிடுங்கள். ஒரு குழந்தையைப் பற்றிய பேச்சு அந்தக் குழந்தையின் பெற்றோரிடம் தனியாகத்தான். நேரம் எழுதும்போது ‘நியூ ஜெர்சி நேரம் காலை 9’ என்று ஊரோடு எழுதுங்கள். நமக்குக் காலை 9 என்பது அங்கே இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. அப்போது வரும் செய்தியை யாரும் படிக்கமாட்டார்கள். நான் புதன் காலை ஆறு மணிக்கு அனுப்புகிறேன். அங்கே செவ்வாய் இரவுச் சாப்பாட்டு நேரம்.

அதில் வீட்டுப்பாடம் என்று நீளமாக எதுவும் இருக்காது. ‘ழ’ படித்த வாரம் அனுப்பியது இது: “இந்த வாரம் பழம் உரிக்கும்போது ‘வாழைப்பழம்’ என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். ‘வாளப்பளம்’ என்று வந்தால் திருத்த வேண்டாம். நீங்கள் ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்டுப் பழத்தைக் கொடுங்கள்.” சனிக்கிழமை வகுப்பு தொடங்கும் முன்பே அந்தச் சின்னவள் ஒரு பழத்தைக் கேமராமுன் நீட்டிக்கொண்டிருந்தாள்.