33 கே.வி. டெல்டா பக்கத்துக்கு ஜிக்ஜாக் எர்த்திங் டிரான்ஸ்பார்மர்: இணைப்பது எப்படி, சோதிப்பது எப்படி

ராதாபுரம், பணகுடி பக்கம் உள்ளதைப் போன்ற ஒரு காற்றாலைத் துணை மின்நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அதன் 33 கே.வி. பக்கம் டெல்டா, நியூட்ரல் கிடையாது. ஒரு பேஸ் தரையைத் தொட்டால் கசிவு கரண்ட் கொஞ்சம்தான் ஓடும், சாதாரண ஓவர்கரண்ட் ரிலேக்கு அது தெரியாது. மற்ற இரண்டு பேஸ்களும் தரையைப் பொறுத்து 19 கே.வி.யிலிருந்து 33 கே.வி.க்கு ஏறிவிடும். இன்சுலேட்டர்கள் அந்த அழுத்தத்தில் கிடந்து, கடைசியில் வேறோர் இடத்தில் வெடிக்கும்.

இதற்குத்தான் ஜிக்ஜாக் எர்த்திங் டிரான்ஸ்பார்மர்: டெல்டாவுக்கு இல்லாத நியூட்ரலை அது தருகிறது, அந்த நியூட்ரலை எர்த் செய்கிறோம். அதன் கோரின் ஒவ்வொரு லிம்பிலும் இரண்டு வெவ்வேறு பேஸ்களின் பாதிச் சுற்றுகள் எதிரெதிராக இருக்கும். மூன்று பேஸ்களிலும் ஒரே திசையில் வரும் எர்த் கரண்டின் காந்தப்புலம் அங்கே ரத்தாகிறது. அதனால் அந்தக் கரண்டுக்கு மட்டும் வழி எளிது. சாதாரண வோல்டேஜுக்குச் சிறிய காந்தமாக்கும் கரண்ட்தான் ஓடும்.

முதலில் அளவு. எர்த் ஃபால்ட் கரண்டை 300 ஆம்பியர், 10 விநாடி என்று வைப்போம். ஒரு பேஸுக்கு 100 ஆம்பியர் பங்கு. தேவையான ஜீரோ சீக்வென்ஸ் இம்பிடன்ஸ்:

```
Z0 = 3 x 19050 / 300 = 190.5 ohm
```

அடுத்து இடம். பவர் டிரான்ஸ்பார்மரின் டெல்டா முனைகளுக்கும் மெயின் பிரேக்கருக்கும் நடுவில் இணையுங்கள். பிரேக்கருக்கு அப்பால் வைத்தால், அது திறந்ததும் டெல்டா மறுபடி எர்த் இல்லாமல் நிற்கும். இதற்கு மறுபக்கமும் உண்டு: பிரேக்கர் திறந்தபின் காற்றாலைகள் ஓடிக்கொண்டே இருந்தால் அந்த லைனுக்கு எர்த் இல்லை. ஆகவே பிரேக்கர் திறக்கும்போதே காற்றாலைகளுக்கும் டிரிப் சிக்னல் போக வேண்டும். ஜிக்ஜாக்குக்கு ஃபியூஸ் போடாதீர்கள். ஒன்று போனாலே நியூட்ரல் சமநிலை கெட்டுவிடும், எர்த் இருப்பதாகத்தான் வெளியே தெரியும்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன் செய்யும் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. எல்லாப் பக்கமும் பிரித்து, நியூட்ரலின் எர்த் இணைப்பையும் கழற்றுங்கள். மூன்று பேஸ் முனைகளையும் ஒன்றாக இணைத்து, அதற்கும் நியூட்ரலுக்கும் நடுவே வேரியாக் வழியாகச் சிங்கிள் பேஸ் வோல்டேஜை மெல்ல ஏற்றி 230 வோல்ட் கொடுங்கள். மேலே சொன்ன இம்பிடன்ஸுக்கு மொத்தம் 3.6 ஆம்பியர் வர வேண்டும். கிளாம்ப் மீட்டரில் ஒவ்வொரு பேஸிலும் 1.2. மூன்றும் சமமில்லையென்றால் ஏதோ ஒரு லிம்பின் பாதிச் சுற்று தலைகீழ். மூன்றும் சமமாக, ஆனால் மிகக் குறைவாக இருந்தால் மூன்றுமே தலைகீழ். பெட்டி வெறும் ஸ்டாராகத்தான் இருக்கிறது.

கடைசியாக ரிலே. தேரி மணலில் கம்பி விழுந்து 600 ஓம் தடை ஏற்பட்டால் ஓடுவது 32 ஆம்பியர்தான். ஜிக்ஜாக்கின் நியூட்ரல் ரிலே 60 ஆம்பியரில் இருந்தால் அசையாது. ஆகவே ஒவ்வொரு ஃபீடரிலும் கோர் பேலன்ஸ் சி.டி.யோடு 15 ஆம்பியரில் தனி எர்த் ஃபால்ட் ரிலே வையுங்கள்.