பில் மணியில் பிரேக் ஈவன்: எத்தனை மணி நேரம் விற்றால் நஷ்டம் இல்லை?

பொருள் விற்பவர் எத்தனை பெட்டி விற்றால் போட்ட காசு திரும்பும் என்று எண்ணிவிடலாம். வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு, கணக்கெழுதுதல் மாதிரி வேலை செய்பவரிடம் விற்க இருப்பது நேரம்தான். அதனால் கணக்கையும் நேரத்திலேயே போட வேண்டும். வாடிக்கையாளரின் வேலைக்காகச் செலவாகி, அவரிடம் கட்டணம் வாங்கக்கூடிய நேரத்தை இங்கே பில் மணி என்று சொல்கிறேன்.

மூன்று பேர் இருக்கும் ஒரு வடிவமைப்பு அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். உரிமையாளர் ஒருவர், ஊழியர்கள் இரண்டு பேர்.

படி 1: மாதச் செலவைக் கூட்டுங்கள்

சம்பளம் 90,000, வாடகை 15,000, மென்பொருள், மின்சாரம், இணையம் எல்லாம் சேர்த்து 15,000. மொத்தம் 1,20,000. இது நிலையான செலவு.

மணிக்கணக்கில்தானே வேலை நடக்கிறது என்று சம்பளத்தை மாறும் செலவில் போடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வேலை வந்தாலும் வராவிட்டாலும் மாதம் பிறந்தால் கொடுக்க வேண்டிய பணம் அது. நிலையான செலவில்தான் வரும். உரிமையாளரின் சம்பளத்தையும் விட்டுவிடாதீர்கள். அதை விட்டால் நஷ்டமில்லை என்று கணக்கு சொல்லும், வீட்டுக்கு எடுத்துப் போக ஒன்றும் இருக்காது.

வேலை நடந்தால் மட்டும் ஆகும் செலவு, அதாவது அச்சு மாதிரி எடுப்பது, வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்வருவது போன்றவை, ஒரு பில் மணிக்குச் சராசரியாக 50 என்று வைப்போம்.

படி 2: வகுத்துப் பாருங்கள்

```
பிரேக் ஈவன் மணி = நிலையான செலவு ÷ (மணிக் கட்டணம் − மணிக்கான மாறும் செலவு)
```

கட்டணம் மணிக்கு 500 என்றால் 1,20,000 ÷ 450, கிட்டத்தட்ட 267 மணி. மூன்று பேர் மாதம் 160 மணி வீதம் 480 மணி நேரம் அலுவலகத்தில் இருக்கிறார்கள். 267 எளிதாக வந்துவிடும் போலத் தெரியும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

படி 3: விற்கக்கூடிய மணி எத்தனை?

அலுவலகத்தில் இருக்கும் நேரமெல்லாம் பில் மணி ஆகாது. விடுப்பு, புது வேலைக்கு விலை கொடுப்பது, மின்னஞ்சல், பாக்கி கேட்டு போன் செய்வது, பயிற்சி என்று நேரம் போய்க்கொண்டே இருக்கும். இந்த அலுவலகத்தில் நேரக் குறிப்பைப் பார்த்தால் ஊழியர் ஒவ்வொருவரும் 110 மணி, உரிமையாளர் 60 மணிதான். மொத்தம் 280. அதாவது, எல்லா மணியும் விற்றாலும் மிச்சம் 13 மணிதான்.

நேரக் குறிப்பு இல்லாதவர்கள் முதலில் நான்கு வாரம் அதை எழுதிவிட்டு இந்தப் படிக்கு வாருங்கள். ஞாபகத்திலிருந்து சொல்லும் எண் பெரும்பாலும் கூடுதலாகத்தான் இருக்கும்.

படி 4: கைக்கு வந்த கட்டணத்தை வைத்து மறுபடியும் போடுங்கள்

பட்டியலில் 500 என்று எழுதியிருக்கலாம். கைக்கு அது வருகிறதா? ஒரு வேலையை 40 மணியில் முடியும் என்று நினைத்து 20,000 பேசுகிறோம். திருத்தம் மேல் திருத்தம் வந்து 50 மணி ஆகிறது. அந்த வேலையில் மணிக்குக் கிடைத்தது 400. இன்னொரு வேலையில் தள்ளுபடி, வேறொன்றில் வராத பாக்கி.

முடிந்த மூன்று மாத வேலைகளுக்கு வந்த தொகையை (அரசுக்குக் கட்ட வேண்டிய வரியை நீக்கிவிட்டு) அந்த வேலைகளுக்கு உண்மையில் ஆன மணியால் வகுங்கள். நம் அலுவலகத்தில் 450 வருகிறது. இப்போது 1,20,000 ÷ 400 = 300 மணி. இருப்பதோ 280. ஒரு மணிகூட வீணாகாமல் விற்றாலும் மாதம் 8,000 நஷ்டம். எல்லோரும் ஓய்வில்லாமல் உழைத்தும் ஏன் பணம் தங்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் இந்த 20 மணி இடைவெளிதான்.

படி 5: கணக்கைத் திருப்பிப் போடுங்கள்

280 மணிதான் உண்டு என்றால் மணிக்கு எவ்வளவு வர வேண்டும்? 1,20,000 ÷ 280, ஏறக்குறைய 429. அதோடு மாறும் செலவு 50 சேர்த்தால் 479. கேட்கும் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு வழியிலேயே கரைவதால், கேட்க வேண்டியது 479 ÷ 0.9, அதாவது சுமார் 532. கட்டணத்தை ஏற்றத் தயக்கமாக இருந்தால், எத்தனை திருத்தம் இலவசம் என்பதை முதலிலேயே எழுதிக் கொடுங்கள். என் அனுபவத்தில் இது சீக்கிரம் பலன் தரும்.

சரி, இன்னொரு ஆளைச் சேர்த்தால்? சம்பளம் 30,000 என்றால் பிரேக் ஈவன் 75 மணி ஏறி 375 ஆகும். அவர் 110 பில் மணி கொண்டுவந்தால் மொத்தம் 390. 15 மணி மிஞ்சும். ஆனால் அந்த 110 மணிக்கும் வேலை கையில் இருக்க வேண்டும். புதியவர் முதல் இரண்டு மாதம் 50 மணி மட்டும் பில் செய்தால் மொத்தம் 330தான். மாத நஷ்டம் 8,000 இருந்தது 18,000 ஆகிவிடும். அந்த இரண்டு மாதத்துக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் எடுங்கள்.