ரீஃபண்ட் வாங்கப்போய்ப் பணத்தை இழக்காதீர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆர்டர் செய்த பொருள் உடைந்து வந்திருக்கிறது. அல்லது வரவே இல்லை, செயலியோ ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்கிறது. அந்தப் பதற்றத்தில் பலரும் முதலில் செய்வது, நிறுவனத்தின் பெயரோடு ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று சேர்த்து இணையத்தில் தேடுவது. ரீஃபண்ட் மோசடிகளில் பெரும்பகுதி இந்தத் தேடலில்தான் தொடங்குகிறது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எச்சரிக்கையாக இருப்பவர்கூட, தானே தேடி அழைத்த எண்ணைச் சந்தேகிப்பதில்லை. மோசடிக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

தேடல் முடிவில் ஒரு எண்ணைத் தோன்றவைப்பது கடினமான வேலை அல்ல. பணம் கட்டி விளம்பரம் போடலாம். வரைபடச் சேவையில் நிறுவனத்தின் பெயரில் போலியாக ஓர் இடத்தைச் சேர்க்கலாம். கேள்வி-பதில் தளங்களிலும் யார் வேண்டுமானாலும் பதிவேற்றக்கூடிய பி.டி.எஃப். கோப்புகளிலும் நிறுவனத்தின் பெயரையும் எண்ணையும் திரும்பத் திரும்ப எழுதிவைக்கலாம். ஒரே எண் நான்கு இடங்களில் தென்பட்டால் அது உண்மையானது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நான்கையும் ஒரே ஆள் எழுதியிருக்கக்கூடும்.

2025-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்த ஓர் உத்தி இதைவிட நுட்பமானது. விளம்பரத்தை அழுத்தினால் நிறுவனத்தின் அசல் தளமே திறக்கும், முகவரியும் அசல்தான். ஆனால் அந்த இணைப்பிலேயே, தளத்தின் தேடுபெட்டிக்குரிய சொற்களாக மோசடி எண்ணைச் செருகியிருப்பார்கள். ‘எங்களை இந்த எண்ணில் அழையுங்கள்’ என்ற வரி அசல் பக்கத்துக்குள்ளேயே தெரியும். கூர்ந்து பார்த்தால் அது தேடல் முடிவுக்கான பக்கம் என்பது புரியும்: அந்த வரியைச் சுற்றி மேற்கோள்குறியோ, ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்ற குறிப்போ இருக்கும். முகவரிப் பட்டையின் வால்பகுதியில் அந்த எண்ணும் `%20` போன்ற குறிகளும் நீண்டு கிடக்கும். ஆகவே, தளம் உண்மையானதா என்று பார்த்தால் மட்டும் போதாது. எந்த வழியாக அங்கே வந்தீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பான வழி ஒன்றுதான். ஆர்டர் செய்த அதே செயலியைத் திறந்து, ‘எனது ஆர்டர்கள்’ பகுதியில் அந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள உதவிப் பொத்தானை அழுத்துங்கள். பல நிறுவனங்கள் தொலைபேசி எண்ணையே வெளியிடுவதில்லை; அரட்டை வழியாகவோ, ‘எங்களை அழைக்கச் சொல்லுங்கள்’ என்ற பொத்தான் வழியாகவோதான் பேசுகின்றன. எண் கிடைக்கவில்லை என்ற எரிச்சலில் வெளியே தேடப்போகும் வாடிக்கையாளர்தான் மோசடிக்காரருக்குக் கிடைக்கிறார்.

தவறான எண்ணை அழைத்துவிட்டால் என்ன நடக்கும்? காலிப் பெட்டி வந்து சேர்ந்த ஒரு வாடிக்கையாளரை எடுத்துக்கொள்வோம். மறுமுனையில் பேசுபவர் பொறுமையாகக் கேட்கிறார், வருத்தம் தெரிவிக்கிறார், ஆர்டர் எண்ணைக் குறித்துக்கொள்கிறார். சிறிது நேரம் கழித்து அதே விவரத்தை நிறுவனத்தின் பதிவிலிருந்து படிப்பதுபோல் திருப்பிச் சொல்கிறார். தான் கொடுத்த தகவல்தான் திரும்பி வருகிறது என்பது வாடிக்கையாளருக்கு உறைப்பதில்லை. பிறகு, “ரீஃபண்ட் போட்டோம், சர்வரில் சிக்கிவிட்டது. நானே சரிசெய்து தருகிறேன், ஒரு செயலியை நிறுவுங்கள்” என்கிறார். அது அனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற, நல்ல நோக்கத்துக்காக உருவான தொலைநிலை உதவிச் செயலியாக இருக்கலாம். செயலி காட்டும் ஒன்பது அல்லது பத்து இலக்க எண்ணைப் படித்துச் சொல்லி, அனுமதிப் பொத்தானையும் அழுத்திவிட்டால், அந்த நொடியிலிருந்து வாடிக்கையாளரின் திரை அவருக்கும் தெரியும்.

அதன்பின் அவர் ஓ.டி.பி.யைக் கேட்கவே மாட்டார். அதனால்தான் ‘ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்ற எச்சரிக்கையை மனப்பாடமாக வைத்திருப்பவர்களும் ஏமாறுகிறார்கள். கார்டு விவரங்களை ஒரு படிவத்தில் நிரப்பச் சொல்கிறார். வாடிக்கையாளர் தட்டச்சு செய்யும்போதே அவர் பார்த்துக்கொள்கிறார். அந்தக் கார்டில் அவர் வேறு எங்கோ பொருள் வாங்க முயலும்போது வரும் ஓ.டி.பி., திரையின் மேல்பகுதியில் அறிவிப்பாகத் தோன்றுகிறது. அதையும் படித்துவிடுகிறார். சிலர் வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பை அனுப்பி நிறுவச் சொல்வார்கள். அது குறுஞ்செய்திகளைப் படித்து அவர்களுக்கு அனுப்பும் தீச்செயலியாக இருக்கும்.

எந்த இடத்தில் அழைப்பைத் துண்டித்திருக்க வேண்டும்? ரீஃபண்ட் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இதற்கு விடை எளிது. நிறுவனம் தன் பதிவிலிருக்கும் பழைய பரிவர்த்தனையை எடுத்து, பணம் வந்த வழியிலேயே திருப்பி அனுப்புகிறது. கார்டில் கட்டினால் அதே கார்டுக்கு, வாலட்டில் கட்டினால் அதே வாலட்டுக்கு. அதற்கு உங்கள் கார்டு எண்ணோ, பின் எண்ணோ, திரையோ தேவையில்லை. பொருள் கைக்கு வந்தபின் பணம் கட்டிய ஆர்டர்களில் மட்டும் வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்கலாம். அதையும் செயலிக்குள் நீங்களே பதிவுசெய்வீர்கள், தொலைபேசியில் சொல்ல வேண்டியிருக்காது. பின் எண் என்பது உங்கள் கணக்கிலிருந்து பணம் போவதற்கு நீங்கள் தரும் ஒப்புதல். பணம் பெறுவதற்காகப் பின் எண்ணை இடுங்கள், கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள், சரிபார்ப்புக்குச் சிறு தொகை அனுப்புங்கள் என்று யாராவது சொன்னால், பதில் சொல்லாமல் அழைப்பைத் துண்டியுங்கள்.

மோசடிக்கு இடம்கொடுக்கும் இன்னொரு விஷயம் தாமதம். நிறுவனம் ரீஃபண்டை அனுப்பியபின் கார்டில் வந்து சேரச் சில நாட்கள் ஆவது வழக்கம். ஐந்து முதல் பத்து வேலைநாட்கள் என்று பல நிறுவனங்களே சொல்கின்றன. பணம் எங்கே போனதோ என்று பொறுமை இழப்பதற்குப் பதிலாக, செயலியின் அரட்டையில் ஏ.ஆர்.என். எண்ணைக் கேளுங்கள். கார்டு ரீஃபண்டுகளுக்கு உரிய 23 இலக்க அடையாள எண் அது. அதைக் கொடுத்தால் உங்கள் வங்கியே பணம் எந்த நிலையில் இருக்கிறது என்று தேடிப் பார்க்க முடியும்.

சமூக ஊடகத்தில் புகார் எழுதுவதில் தவறில்லை. ஆர்டர் எண்ணையும் தொலைபேசி எண்ணையும் பொதுவெளியில் போடுவதுதான் தவறு. பதிவிட்ட சில நிமிடங்களில் நிறுவனத்தின் சின்னத்தோடு ஒரு கணக்கு வந்து, தனிச்செய்தியில் எண் அனுப்பச் சொல்லும். அது எப்போது தொடங்கப்பட்டது, இதற்குமுன் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். போலிக் கணக்குகள் பெரும்பாலும் புதியவை.

ஏற்கெனவே திரையைப் பகிர்ந்துவிட்டீர்கள் என்றால், முதலில் போனின் இணையத் தொடர்பை, வைஃபை, மொபைல் டேட்டா இரண்டையும் அணையுங்கள். வேறொரு போனிலிருந்து, கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் வங்கி எண்ணை அழைத்துக் கார்டையும் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். இதில் வேகம் முக்கியம். திருடிய பணம் கணக்கு மாறி மாறி நகரத் தொடங்கிவிட்டால் அதைத் தடுத்து நிறுத்துவது கடினம். பின்னர் அந்தச் செயலியை நீக்கி, கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். அழைத்த எண், நேரம், பரிவர்த்தனை எண், திரைப்பிடிப்புகள் ஆகியவற்றோடு இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள்.

புகார் கொடுத்த சில நாட்களில் ஓர் அழைப்பு வரலாம். வங்கியிலிருந்தோ காவல்துறையிலிருந்தோ பேசுவதாகச் சொல்லி, இழந்த தொகையைச் சரியாகக் குறிப்பிட்டு, அதை மீட்டுத்தரக் கட்டணம் கேட்பார்கள். தொகை அவர்களுக்குத் தெரிந்திருப்பதை நம்பிக்கைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எடுத்தவர்களுக்கும் அந்தத் தொகை தெரியும். ஏமாந்தவர்களின் பட்டியலை அவர்களிடமிருந்து வாங்கியவர்களுக்கும் தெரியும். கட்டணம் என்ற பேச்சு வந்ததுமே அழைப்பைத் துண்டித்துவிட்டு, புகார் எண்ணோடு வங்கியையும் காவல்துறையையும் நீங்களே தொடர்புகொள்ளுங்கள்.